கடைசி ஃபிரேமில் தொடங்கும் அடுத்த ஷாட்

ஏஐ வீடியோ கருவிகள் பெரும்பாலும் ஒரு தடவைக்குச் சில விநாடிக் காட்சியைத்தான் தருகின்றன. தனித்தனியாக உருவாக்கும்போது, முந்தைய கிளிப்பில் நடந்தது அடுத்ததற்குத் தெரியாது. அதனால் ஷாட் பட்டியலில் ஒவ்வொரு ஷாட்டும் எப்படி முடிகிறது என்பதையும் எழுதியாக வேண்டும்.

மஞ்சள் தாவணிப் பெண் கடிதத்தோடு வீடு திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஷாட்டின் முடிவு: ‘வலது கையில் கடிதம், இடமிருந்து வலமாக நடை, மாலை வெயில்.’ இரண்டாவது ஷாட் இதே வரியில்தான் தொடங்க வேண்டும். உடை, முக வர்ணனையில் ஒரு சொல்லும் மாறக்கூடாது.

முந்தைய கிளிப்பின் கடைசி ஃபிரேமையே அடுத்ததற்கு முதல் படமாகக் கொடுக்கலாம். ஆனால் இப்படியே நீட்டிக்கொண்டு போனால் முகம் மெல்ல மாறும், நிறம் திரியும். அதற்கு முன்பே கடிதத்தின் குளோசப்புக்கு வெட்டிவிட்டு, அவளுடைய மூலப் படத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். அந்தக் குளோசப்பையும் பட்டியலிலேயே எழுதிவையுங்கள்.