தளர்ந்த கீ, ஆடும் புல்லி

மாவு மில்லில் மோட்டாரைப் போட்டதும் ‘டக்’ என்று ஒரு சத்தம், நிறுத்தும்போது இன்னொன்று. புல்லியைக் கழற்றிப் பார்த்தால் கீவேயின் ஓரத்தில் செந்தூளாகத் துரு அப்பியிருக்கும். சாஃப்டும் புல்லியும் நழுவாமல் சேர்ந்து சுழல, இரண்டிலும் வெட்டிய காடிக்குள் பாதிப் பாதியாக உட்கார்ந்திருக்கும் இரும்புத் துண்டுதான் கீ. அது தளர்ந்துவிட்டது என்று அந்தத் தூள் சொல்கிறது.

கீ பலம் போதாமல் கெடுவது அபூர்வம். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் 3 எச்.பி. மோட்டாரின் சாஃப்ட் பெரும்பாலும் 28 மி.மீ. முழு பாரத்தில் அதன் பரப்பில் விழும் விசை ஏறக்குறைய 105 கிலோ. 8 மி.மீ. அகலமும் 40 மி.மீ. நீளமும் உள்ள கீயை வெட்டிப் போடப் பல டன் விசை வேண்டும். ஆனால் பக்கச் சுவரில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் கீ சுத்தியலாக மாறிச் சுவரை அடிக்கும். அடிபட்ட சுவர் விரிய, அடுத்த அடி இன்னும் பலமாக விழும்.

ஆகவே வேலை முழுக்க அகலத்தில்தான் இருக்கிறது. மில்லிங் மெஷினில் சாஃப்டைக் கட்டி, சுழலும் 8 மி.மீ. கட்டரைப் பக்கவாட்டில் நகர்த்தி, நடுவில் பிடித்த மெல்லிய காகிதம் இழுபடும் இடத்தில் நிறுத்துவார்கள். பிறகு கட்டரை மேலே தூக்கி, சாஃப்டின் பாதி 14, கட்டரின் பாதி 4, ஆக 18 மி.மீ., கூடவே காகிதத்தின் கனமும் சேர்த்து நகர்த்தினால் நேர் நடுவுக்கு வரும்.

ஆழம் உச்சியிலிருந்து 4 மி.மீ. வெட்டிய பின் உச்சி இருக்காதே! அதனால் காடியின் அடியிலிருந்து எதிர்ப்பக்கம் வரை அளக்க வேண்டும்: 24 மி.மீ. அதில் 7 மி.மீ. உயரக் கீயை வைத்தால் 31. புல்லியின் துளையில் காடியின் அடிவரை 31.3 மி.மீ. இருக்குமாறு ஸ்லாட்டிங் மெஷினிலோ பிரோச் கொண்டோ வெட்டுவார்கள். மிஞ்சும் 0.3 மி.மீ. இடைவெளி கீயின் தலைக்கு மேல் கட்டாயம் வேண்டும். அங்கே முட்டினால் புல்லி ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு ஆடும். வார்ப்பிரும்புப் புல்லியானால் காடி மூலையிலிருந்து விரிசல் ஓடும்.

பிசிறை அரத்தால் நீக்கி, பித்தளைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் கீ சாஃப்டில் இறுக்கமாக உட்கார வேண்டும். கையால் அசைத்தால் ஆடக்கூடாது.

ஏற்கெனவே விரிந்துபோன கீவேக்குத் தகரத் துண்டு செருகுவதை நான் ஒப்பமாட்டேன். அது சில நாளில் நசுங்கி, பழைய சத்தம் திரும்பிவிடும். மோட்டார் சாஃப்டில் 90 டிகிரி தள்ளிப் புதுக் காடி வெட்டலாம். இல்லையென்றால் இரண்டு காடிகளையும் 10 மி.மீ.க்கு அகலப்படுத்தி, அதற்கேற்ற 8 மி.மீ. உயரக் கீயைப் போடலாம். அப்போது ஆழமும் சாஃப்டில் 5 மி.மீ. ஆக வேண்டும்; அந்த அளவு குறைவதைச் சாஃப்ட் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டரை இறக்க வேண்டும்.