இன்றைய வேலை முடிந்ததா? எட்டு இலக்கம் சொல்லும்

லினக்ஸ் கணினியில் தினம் ஒருமுறை செய்தாக வேண்டிய பராமரிப்பு வேலைகள் உண்டு. இரவு முழுக்க ஓடும் சர்வரில் சிக்கல் இல்லை; அதிகாலையில் ஒரு நேரம் குறித்து வைத்தால் போதும். மடிக்கணினி அப்படியில்லை. குறித்த நேரத்தில் அது மூடிக் கிடக்கும், அன்றைய வேலை விட்டுப்போகும். இதைச் சமாளிக்க வந்த நிரல்தான் அனாக்ரான்.

ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் மணிக்கு ஒருமுறை ஒரு சிறு ஸ்கிரிப்ட் விழித்து அனாக்ரானை எழுப்பப் பார்க்கும். கணினி எப்போது திறக்கப்பட்டாலும் அடுத்த மணியில் வாய்ப்பு கிடைக்கும். ஆனால் நாள் முழுக்கத் திறந்தே இருந்தால் அதே வேலை திரும்பத் திரும்ப நடக்கக் கூடாதே? அதைத் தடுப்பது `/var/spool/anacron/cron.daily` என்ற கோப்பு. அதில் இருப்பது கடைசியாக வேலை நடந்த தேதி மட்டுமே. எட்டு இலக்கம், உதாரணமாக 20250314. அதைப் படித்து `day` என்ற பெயரில் வைத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் இப்படிக் கேட்கிறது:

```
if [ `date +%Y%m%d` = "$day" ]; then
    exit 0
fi
```

இன்றைய தேதியும் கோப்பிலுள்ள தேதியும் ஒன்றானால், சத்தமின்றி வெளியேறு. அவ்வளவுதான்.

மார்ச் 14 காலை 9.30-க்கு ஒருவர் கணினியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் 20250313 இருக்கிறது. 10.01-க்கு ஸ்கிரிப்ட் விழிக்கிறது, தேதி பொருந்தவில்லை. அடுத்து அது மின்சாரத்தைப் பார்க்கிறது. பேட்டரியில் ஓடினால், கோப்பைத் தொடாமலே விலகிவிடும். தேதி மாறாததால் 11.01-க்கு மறுபடி முயலும். அதற்குள் சார்ஜரைச் செருகியிருந்தால், சில நிமிட இடைவெளி விட்டு வேலை நடந்து 20250314 பதிவாகும். 12.01, 1.01 அழைப்புகளெல்லாம் முதல் சோதனையிலேயே திரும்பிவிடும்.

எப்போது தேதி போடுவது என்பதில்தான் நுட்பம். தொடக்கத்திலேயே போட்டால், பாதியில் மின்சாரம் போனாலும் அன்றைய வேலை முடிந்ததாகவே கணக்காகும். அனாக்ரான் வேலை முடிந்த பிறகே போடுகிறது. அப்படியானால் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு அழைப்பு வந்தால்? தேதி இன்னும் பழையதுதானே. அதனால் அந்தக் கோப்பையே பூட்டி வைக்கிறது. பூட்டைக் கண்ட இரண்டாவது அனாக்ரான் அந்த வேலையைத் தொடாது.

இது 24 மணி நேர இடைவெளி அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். இரவு 11.50-க்கு ஒருமுறை, 12.10-க்கு மறுமுறை ஓடினாலும் தேதிச் சோதனை தடுக்காது. ஃபெடோராவின் இயல்பு அமைப்பில் வேலை தொடங்கும் நேரம் `START_HOURS_RANGE=3-22` என்று வரையறுக்கப்பட்டிருப்பதால், நள்ளிரவு ஒட்டிய அந்த இரட்டை ஓட்டம் நேராது.

பெரிய குறை வேறு. வேலை தோல்வியில் முடிந்தாலும் தேதி பதிவாகிவிடும். காப்பு எடுக்கும் ஸ்கிரிப்ட் வட்டில் இடமின்றி நின்றுபோனால், அன்று மறுமுயற்சி கிடையாது. கோப்பிலோ இன்றைய தேதி இருக்கும். எனவே கோப்பை மட்டும் நம்பாமல், வேலை உண்மையில் வெற்றிகரமாக முடிந்ததா என்று தனியே பார்க்க வேண்டும். தோல்வி தெரிந்தால் கோளாறைச் சரிசெய்து, ரூட் பயனராக `anacron -f -n cron.daily` என்று கட்டளையிட்டால், தேதியைப் பொருட்படுத்தாமல் உடனே ஓடும்.