பலகையின் மூலையில் ஒரு கையெழுத்து

கையால் எழுதிய பழைய பெயர்ப்பலகையைப் பார்த்தால் கடையின் பெயரைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கீழ் மூலையில் 'ரவி ஆர்ட்ஸ்' என்பதுபோல நகமளவுக்கு ஒரு பெயர் இருக்கலாம். எழுதியவர் போட்ட கையெழுத்து அது. சிலர் ஆண்டையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். ஆண்டு இல்லாவிட்டாலும் பலகையின் வயதை ஓரளவு கணிக்கலாம்.

'அண்ணாமலை ஸ்டோர்ஸ்' என்று ஒரு தகரப் பலகை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 'ணா' கீழே சுழித்த பழைய வடிவிலும், 'லை' யானைத் துதிக்கை போல வளைந்த கொம்போடும் இருந்தால், அது 1978-க்கு முன்னால் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆண்டில்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் புதிய வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். மறுபுறம், பழகிய கை சட்டத்துக்காக ஒரே நாளில் மாறிவிடாது. எனவே அடுத்து முகவரியைப் பார்க்க வேண்டும். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்டில்தான் வந்தது; அது பலகையில் இருந்தால் அந்த வரி அதற்குப் பிந்தையது. 'அந்த வரி' என்று சொல்லக் காரணம் உண்டு. கடைக்காரர்கள் புதுப் பலகை செய்வதைவிடப் பழையதில் ஒரு வரி சேர்ப்பதையே விரும்புவார்கள். கைபேசி எண் மட்டும் வேறு நிறத்தில், வேறு கையில் இருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

பலகைக்குள்ளேயே இன்னொரு பலகை ஒளிந்திருப்பதும் உண்டு. எனாமல் பெயிண்ட் தடிமனாகப் படிவதால், மேலே வேறு நிறம் பூசினாலும் பழைய எழுத்தின் விளிம்பு மேடு மறையாது. நேர் வெயிலில் அது தெரியாது. காலையிலோ மாலையிலோ ஒளி பக்கவாட்டில் விழும்போது துலங்கும். இரவில் டார்ச்சைப் பலகையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தும் பார்க்கலாம்.

இவ்வளவும் பலகை சொல்வது. எழுதிய கை எப்படி வேலை செய்தது என்பதைப் பலகை முழுதாகச் சொல்லாது.

தகரத்தைத் தேய்த்து, பிரைமர் அடித்து, அடி நிறத்தை இரண்டு முறை பூசிக் காயவிட்ட பிறகுதான் எழுத்து வேலை தொடங்கும். சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டினால் கோடு விழும். அதன்மேல் எழுத்துகளைச் சாக்பீஸால் லேசாக வரைவார்கள். இங்கேதான் தமிழ் சோதிக்கும். 'ர' ஒல்லி, 'ணை' அகலம். எழுத்தை எண்ணி இடத்தைச் சமமாகப் பிரித்தால் ஒரு பக்கம் நெரியும், மறுபக்கம் வெறிச்சோடும். 'கி', 'தீ' என மேலே எழும் கொக்கிகளுக்கும், 'கு', 'மூ' எனக் கீழே இறங்கும் வால்களுக்கும் முதலிலேயே இடம் விட்டாக வேண்டும். தேர்ந்தவர் இதையெல்லாம் கண்ணாலேயே அளந்துவிடுவார். அதனால்தான் ஒரே பலகையில் வரும் இரண்டு 'ம' பெரும்பாலும் ஒன்றுபோல இருக்காது.

எனவே ஆவணப்படுத்தும்போது முகப்பைப் படம் எடுத்து நிறுத்திக்கொள்வது, என் பார்வையில், பாதி வேலைதான். படமும் தெருவிலிருந்து அண்ணாந்து எடுத்ததாக இருக்கக்கூடாது. மேல் எழுத்துகள் சிறுத்துவிடும். எதிர்க் கடையின் மாடியிலிருந்து நேராக எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் தெரியட்டும். பிரஷ் தூக்கப்பட்ட எழுத்து முனைகளைக் கிட்டத்தில் தனியாக எடுங்கள். வாசகத்தைப் பிழை இருந்தால் பிழையோடு குறித்துக்கொள்ளுங்கள். தூசி என்று ஈரத்துணி போட்டுத் துடைத்துவிடாதீர்கள். வெயிலில் பொடிந்த பெயிண்ட் துணியோடு வந்துவிடும்.

மீதிப் பாதி அந்த 'ஆர்ட்ஸ்'காரரைத் தேடிப்போவது. ஃப்ளெக்ஸ் வந்தபின் பலர் சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலைக்கோ வேறு தொழிலுக்கோ போய்விட்டார்கள். டெல்லியில் ஹனீஃப் குரேஷி என்ற கலைஞர் இப்படிப்பட்ட பெயிண்டர்களை எழுதவைத்து, அவற்றைக் கணினி எழுத்துருக்களாக்கி, எழுதியவர் பெயரையே அவற்றுக்கு வைத்தார். தமிழுக்கு அதே வேலை நீளமானது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளின் பெரிய, சிறிய வடிவங்கள் போதும். நமக்கு உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் போக, உகர ஊகார வரிசைகளிலேயே தனித்தனி வடிவம் கொண்ட 36 எழுத்துகள் வருகின்றன; ஜ, ஷ, ஸ, ஹ வேறு. எந்தக் கடைப் பெயரிலும் இவை அத்தனையும் அகப்படாது. ஆகவே அவரை வரிசையாக எழுதச் சொல்ல வேண்டும். 'ம', 'க' போல அடிக்கடி வருபவற்றை மூன்று நான்கு முறை, வெவ்வேறு சொற்களுக்குள் எழுதச் சொல்ல வேண்டும்.

எழுதும்போது வீடியோ எடுப்பவர் அவருடைய எழுதும் கை மறைக்காத பக்கத்தில் நிற்க வேண்டும். 'ண'வை எங்கே தொடங்குகிறார், சுழியில் பிரஷைத் திருப்புகிறாரா எடுத்து வைக்கிறாரா, கை நடுங்காமலிருக்க எதை ஊன்றுகிறார், ஷேடு எந்தப் பக்கம் விழுகிறது, அது ஏன் என்பதையெல்லாம் வேலை நடக்கும்போதே கேட்க வேண்டும். உட்காரவைத்துப் பேட்டி எடுத்தால், 'அது பழக்கம்தான் சார்' என்பதோடு முடித்துவிடுவார். பெயிண்டும் பிரஷும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள், அன்றைய கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எழுத்துருவாக்கும் எண்ணம் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.