பத்து அல்ல, ஒன்பது

அந்தப் பெண் அனுப்பிய ரெஸ்யூமே நான்கு பக்கம் இருந்தது. முதல் பக்கத்தில் பாதி, "சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பங்களிக்க விரும்புகிறேன்" என்ற பொருளில், கல்லூரி நாளில் யாரிடமிருந்தோ வாங்கி ஒட்டிய ஆங்கிலப் பத்தி. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், மதம், திருமண நிலை. அதன் கீழே "மேற்கண்டவை யாவும் உண்மை" என்ற உறுதிமொழி. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஐந்து ஆண்டு உதவி மெர்சண்டைசராக இருந்தவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார். பதினான்கு மாதம் கழித்து மறுபடி வேலை தேடுகிறார். அந்த ஐந்து ஆண்டுகளுக்கு அவர் ஒதுக்கியிருந்தது ஒரே வரிதான்: "ஆர்டர்களைப் பின்தொடரும் பொறுப்பு."

காசு வாங்கிக்கொண்டு பிறருக்கு ரெஸ்யூமே எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆங்கிலத்தைத் திருத்தி, எழுத்துருவை மாற்றி, கோடு போட்டுக் கொடுக்கும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நேரத்தைத் தின்பது எழுத்து அல்ல, கேள்வி. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கியதும் நான் செய்யும் முதல் காரியம் ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசுவது. எதுவும் கேட்காமல் பழைய கோப்பை வாங்கி ஒரு மணி நேரத்தில் புதிதாக்கித் தருகிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம். அவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. ஆகவே, எல்லோருக்கும் எழுதும் வரிகளைத்தான் உங்களுக்கும் எழுதுவார்.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எத்தனை பையர்? இரண்டு. மாதத்துக்கு எத்தனை ஸ்டைல்? ஆறிலிருந்து எட்டு. லேப் டிப், அதாவது துணிக்கு ஏற்ற வேண்டிய நிறத்தின் மாதிரியைப் பையருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவது யார்? "நான்தானுங்க மேடம்." நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால்? சாயப்பட்டறைக்கு நேரில் போய் நின்று, மறு மாதிரி போட வைத்து வாங்கி வருவாராம். பேச்சுவாக்கில் இன்னொன்றும் வந்தது. அவருக்கு மேலிருந்த சீனியர் வேலையை விட்டுப் போனதும், வேறு ஆள் வரும்வரை எட்டு மாதம் ஒரு பையரின் ஆர்டர்கள் முழுவதையும் இவர் ஒருவரே பார்த்திருக்கிறார். நான்கு பக்கத்தில் அது எங்குமே இல்லை. "அது என் வேலை இல்லீங்களே, சும்மா பாத்துக்கிட்டேன்" என்றார். எங்கள் சேவைக்குக் கூலி என்று ஒன்று உண்டென்றால், அது இப்படி ஒரு வரியைத் தோண்டி எடுப்பதற்குத்தான்.

அடுத்து அவர் கேட்டதுதான் சிக்கல். "அப்ப சீனியர் மெர்சண்டைசர்னே போட்டுடலாமுங்களா?"

போட முடியாது. நிறுவனம் கொடுத்த விடுவிப்புக் கடிதத்தில் என்ன பதவி இருக்கிறதோ அதுதான் ரெஸ்யூமேயிலும் இருக்க வேண்டும். ஆனால் பதவிக்குக் கீழே செய்த வேலையை எழுதத் தடை ஏதும் இல்லை. ஆகவே "உதவி மெர்சண்டைசர்" என்பதை அப்படியே வைத்தோம். அதன் கீழே, சீனியர் இல்லாத எட்டு மாதம் ஒரு பையரின் ஆர்டர்களை லேப் டிப் முதல் ஷிப்மென்ட் வரை தனியாகக் கவனித்தார் என்று எழுதினோம். படிக்கிறவருக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி போய்விடும். சரிபார்க்கிறவருக்கும் கடிதமும் ரெஸ்யூமேயும் ஒத்துப்போகும்.

இரண்டாவது ஆசை ஒரு சதவீதம். "தாமதத்தை முப்பது சதவீதம் குறைத்தேன்" என்று ஒரு தோழியின் ரெஸ்யூமேயில் பார்த்திருக்கிறார். எதிலிருந்து முப்பது என்று கேட்டேன், தெரியவில்லை. நேர்காணலில் உட்காருகிறவரும் இதே கேள்வியைத்தான் கேட்பார். கணக்கு இல்லாத சதவீதத்தை விட எண்ணிச் சொல்லக்கூடிய சிறிய எண் மேல். அந்த எட்டு மாதத்தில் எத்தனை ஆர்டர் போனது என்று கேட்டபோது பதினொன்று என்றார். அதில் முதலில் ஒத்துக்கொண்ட தேதியிலேயே கப்பல் ஏறியவை பத்து, ஒன்று மட்டும் தாமதமாகி விமானத்தில் போனது. "பதினொன்றில் பத்து" என்று குறித்துக்கொண்டேன்.

மென்பொருள் வரிசையில் எஸ்ஏபி என்று இருந்தது. அவர் தொட்டது நிறுவனம் தனக்கென்று எழுதி வைத்திருந்த ஒரு மென்பொருளை, அதுவும் பதிவு செய்யும் அளவுக்கு. எஸ்ஏபியை எடுத்துவிட்டேன். எக்ஸெல்லில் பிவட் டேபிள் போடத் தெரியுமா என்று கேட்டதற்கு, எப்போது, எதற்காகப் போட்டார் என்று நிறுத்தாமல் சொன்னார். அது நின்றது. எந்தத் திறமைக்கும் நான் வைக்கும் அளவு இதுதான்: அதைக் கொண்டு செய்த ஒரு வேலையைப் பற்றி ஐந்து நிமிடம் பேச முடிய வேண்டும்.

பதினான்கு மாத இடைவெளிக்கு வீட்டில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். சித்தப்பாவின் சிறிய யூனிட்டில் வேலை பார்த்ததாக ஒரு கடிதம். பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது முன்வேலை விவரங்களைச் சரிபார்க்கும் பணியைத் தனி நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. அவர்கள் விடுவிப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப் கணக்கின் பணி வரலாறு எல்லாம் கேட்பார்கள். யூஏஎன் என்னும் ஒரே எண்ணின் கீழ், எந்த நிறுவனத்தில் என்று சேர்ந்தார், என்று விலகினார் என்பது பதிவாகியிருக்கும். சித்தப்பா யூனிட் சிறியது, இருபது பேருக்குக் கீழ் என்பதால் பி.எஃப் இல்லை என்று சொல்லலாம். அப்போது வங்கியில் சம்பளம் ஏறிய பக்கத்தைக் கேட்பார்கள். பொய் வேலைக்குச் சேர்ந்த பிறகு தெரியவந்தாலும் வேலை போகும். 2012 மேயில் யாகூ நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஸ்காட் தாம்சன் பதவியை விட்டார். சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கணக்கியல் மட்டும் படித்தவருக்குக் கணினி அறிவியல் பட்டமும் இருப்பதாக அவரது குறிப்பில் இருந்ததே பிரச்சினையின் தொடக்கம்.

"குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி, 14 மாதம்" என்று ஒரு வரி எழுதினேன். விளக்கமோ மன்னிப்போ சேர்க்கவில்லை.

போலி அனுபவக் கடிதமும் அதற்கு ஏற்ற ரெஸ்யூமேயும் சேர்த்துக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எழுதுகிறவள் நானாக இருந்தாலும் மேலே இருப்பது அவர்கள் பெயர், நேர்காணல் அறையில் தனியாக உட்காரப்போவதும் அவர்கள்தான். அதேபோல, வேலை நிச்சயம் என்றோ, கணினி வடிகட்டலில் தொண்ணூறு மதிப்பெண் நிச்சயம் என்றோ நான் சொல்வதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மென்பொருள் வைத்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் பொதுவான மதிப்பெண் கிடையாது. என்னால் பார்க்க முடிந்தது ஒன்றுதான். முடித்த பிடிஎஃப்பில் உள்ள எழுத்து முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுவேன். வரிகள் ஒழுங்காக, வரிசை மாறாமல் வந்தால் கணினியும் பெரும்பாலும் அப்படியே படிக்கும். இரண்டு பத்தி வடிவமும் கட்டங்களும் வைத்த ரெஸ்யூமேக்களில் தேதி ஓரிடத்திலும் நிறுவனப் பெயர் ஓரிடத்திலுமாகச் சிதறி விழும்.

நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து, கையில் உள்ள பழைய மெயில், தாள் எதனோடாவது ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன். இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் "சூப்பர்" என்று ஒற்றைச் சொல் அனுப்பிவிட்டு மீதிப் பணத்தைப் போடுவார்கள். இவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை அழைத்தார்.

"மேடம், பத்துன்னு சொன்னேனுங்களே, அது தப்புங்க. பழைய டைரியப் பாத்தேன். இன்னொரு ஆர்டரும் நாலு நாள் தள்ளித்தான் போயிருக்குது. ஒம்போதுதானுங்க."

மாற்றி, பிடிஎஃப்பை அனுப்பினேன்.