பதற்றமும் பொறுப்பும் மணவாழ்வில் செய்யும் வேலை

1930களின் நடுவில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லோவல் கெல்லி என்ற உளவியலாளர், கல்யாணம் நிச்சயமாகி இன்னும் மணமாகாத ஜோடிகளைத் தேடிச் சேர்த்தார். மொத்தம் 300 ஜோடிகள். உங்கள் குணம் எப்படி என்று அவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரையும் நன்றாக அறிந்தவர்களிடம் படிவம் கொடுத்து, இவர் எப்படிப்பட்டவர் என்று மதிப்பெண் போடச் சொன்னார். சம்பந்தம் பேசுவதற்கு முன் நம் வீடுகளில் தெரிந்தவர்களிடம் விசாரிப்போமே, ஏறக்குறைய அதே வேலைதான். ஆனால் அந்தப் பதில்களை அவர் பத்திரமாக எடுத்து வைத்தார். அந்த ஜோடிகள் என்ன ஆனார்கள் என்று 1980 வரை தொடர்ந்து விசாரித்தார்.

அவரும் ஜேம்ஸ் கான்லியும் 1987இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 22 ஜோடிகளுக்கு நிச்சயதார்த்தத்தோடு உறவு முறிந்திருந்தது. மணம் செய்துகொண்ட 278 ஜோடிகளில் 50 ஜோடிகள் பின்னர் விவாகரத்து பெற்றிருந்தார்கள். யார் பிரிவார்கள், யார் மனநிறைவோடு வாழ்வார்கள் என்பதை முன்கூட்டிக் காட்டிய குணங்களில் மூன்று முன்னால் நின்றன: கணவரின் பதற்றம், மனைவியின் பதற்றம், கணவரின் தன்னடக்கம்.

பதற்றம் என்று இங்கே சொல்வது, தேர்வுக்கு முன்னால் எல்லோருக்கும் வருகிற படபடப்பை அல்ல. சிலருக்கு இயல்பிலேயே கவலை சீக்கிரம் பற்றிக்கொள்ளும்; ஒரு சொல் குத்தினால் இரண்டு நாள் வலிக்கும்; மனம் தணிய நேரமாகும். வேலையிடத்திலும் அப்படித்தான், உடன்பிறந்தவர்களிடமும் அப்படித்தான். வருடக்கணக்கில் பெரிதும் மாறாமல் இருக்கும் இந்தச் சாய்வைத்தான் உளவியலாளர்கள் ஆளுமைப் பண்பு என்கிறார்கள். அவர்கள் வழக்கமாக அளக்கும் ஐந்து பெரும் பண்புகளில் இது ஒன்று. பொறுப்புணர்வு இன்னொன்று: சொன்னதைச் செய்வது, எதையும் ஒழுங்காக வைப்பது, தோன்றியதை உடனே செய்துவிடாமல் நிதானிப்பது. கெல்லி தன்னடக்கம் என்று அளந்தது இந்தப் பொறுப்புணர்வுக்கு மிக நெருங்கிய உறவு.

என்னை அதிகம் பாதித்தது, இந்தப் பண்புகள் ஒன்றோடொன்று சேரும்போது நடப்பதைப் பற்றி அவர்கள் எழுதியதுதான். வீட்டில் பதற்றம் மிகுந்தவர் இருந்தால் மனவேதனை உண்டாகிறது. அந்த வேதனை எங்கே போய் முடியும் என்பதைக் கணவரின் மற்றக் குணங்கள் தீர்மானிக்கின்றன. தன்னடக்கம் குறைந்தவராக இருந்தால் அது வெடித்து விவாகரத்தில் முடிகிறது. தன்னடக்கம் நிறைந்தவராக இருந்தால் திருமணம் முறிவதில்லை, வேதனையும் தீர்வதில்லை. வெளியே உறுதியான குடும்பம், உள்ளே பல பத்தாண்டுகளாகச் சகித்துக்கொண்டிருக்கும் இருவர். ஒரு திருமணம் நீடித்தது என்பதை வைத்து அது நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. பொறுப்புணர்வை நாம் நற்குணமாக மட்டுமே பார்க்கிறோம். ஆனால் வருத்தத்தைப் பேசித் தீர்க்கவிடாமல் பூட்டி வைக்கவும் அதனால் முடியும்.

பதற்றம் எந்த வழியாக உறவுக்குள் நுழைகிறது? ஜெர்மனியில் 245 ஜோடிகளை வைத்து நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. துணைவர் செய்யக்கூடிய சில செயல்களை, நல்லதா கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாத செயல்களை, எழுதிக் கொடுத்து அவற்றுக்கு என்ன பொருள் கொள்வீர்கள் என்று கேட்டார்கள். பதற்றம் அதிகமுள்ளவர்கள் தவறான பொருளையே அதிகம் எடுத்தார்கள். பதற்றத்துக்கும் மனக்குறைக்கும் நடுவில் இந்தப் பழக்கம் நின்றது.

ஒரு சாதாரண மாலையை எண்ணிப் பாருங்கள். எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன கணவர் ஒன்பதரைக்கு வருகிறார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசாமல் உட்காருகிறார். மனைவி பதற்றம் குறைந்தவராக இருந்தால், வேலையில் ஏதோ தொந்தரவு என்று நினைத்துச் சாப்பாட்டை எடுத்து வைப்பார். பேச்சு தானாக வரும். பதற்றம் மிகுந்தவராக இருந்தால் அந்த மௌனம் தன்னை நோக்கியதாகவே தெரியும். ‘என் மேல் என்ன கோபம்?’ என்று கேட்பார். ‘ஒன்றுமில்லை’ என்று பதில் வரும். அந்த ஒன்றுமில்லைக்கும் ஒரு பொருள் பிறக்கும். இரண்டாம் முறை கேட்கும்போது குரல் உயரும், மூன்றாம் முறை கணவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிடும். ‘நான் நினைத்தது சரிதான்’ என்று மனைவிக்குப் படும். மனைவி தாமதமாக வந்து, கணவர் பதறுபவராக இருந்தாலும் இதே கதைதான். அன்று உண்மையில் நடந்தது ஒரு தாமதம்; இரவில் இருவருக்கும் நினைவில் நிற்பது ஒரு சண்டை.

இப்படி நாள்தோறும் சேர்ந்து உறவு மேலும் மேலும் சரியும் என்று தோன்றும். பெஞ்சமின் கார்னி, தாமஸ் பிராட்பரி இருவரும் 60 புதுமணத் தம்பதிகளை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. பதற்றம் மிகுந்தவர்கள் மணவாழ்வைத் தொடங்கும்போதே குறைந்த மனநிறைவோடு தொடங்கினார்கள். ஆனால் மற்றவர்களைவிட வேகமாக அவர்கள் கீழே இறங்கவில்லை. மனநிறைவு காலப்போக்கில் எவ்வளவு மாறியது என்பது, பிரச்சினையைப் பற்றி அந்த இருவரும் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதோடு சேர்ந்து நின்றது. பதறும் சுபாவம் உள்ளவரை மணந்தவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. தொடக்கம் தாழ்வாக இருந்தது என்பதால் சரிவும் நிச்சயம் என்று ஆகிவிடாது.

பொறுப்புணர்வு வேலை செய்யும் விதம் இவ்வளவு கண்ணுக்குத் தெரிவதில்லை. கட்டணம் கட்டும் கடைசி நாள், பிள்ளையின் தடுப்பூசித் தேதி, தீர்ந்துபோன மருந்து, தருவதாகச் சொன்ன பணம் ஆகியவற்றை ஒருவர் நினைவில் வைத்திருந்தால் மற்றவரின் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்குகிறது. நடக்காமல் போன சண்டைகளை யாரும் எண்ணுவதில்லை, அதனால் இந்தக் குணத்துக்குப் பாராட்டும் குறைவு. பிரிட்டனி சாலமன், ஜோஷுவா ஜாக்சன் இருவரும் ஆஸ்திரேலியாவில் மணமான சுமார் 4,500 பேரின் தகவல்களை ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். பொறுப்புணர்வு மிக்க துணை உள்ளவர்களுக்கு அடுத்த ஆண்டுகளில் வேலையில் திருப்தியும் வருமானமும் பதவி உயர்வும் கூடுதலாக இருந்தன. வீட்டுச் சுமை பகிரப்பட்டதும், துணையின் நல்ல பழக்கங்கள் தொற்றியதும், வீட்டில் நிலவிய நிறைவு வேலையிலும் உதவியதும் காரணங்கள் என்று அவர்கள் விளக்கினார்கள். ஒருவர் அலுவலகத்தில் பெயர் வாங்குவதில், அங்கே ஒரு நாளும் கால் வைக்காத இன்னொருவரின் உழைப்பு கலந்திருக்கிறது.

இவ்வளவும் படித்தவர், பதற்றம் உள்ளவரை மணக்கவே கூடாதா என்று கேட்கக்கூடும். இங்கே அளவு முக்கியம். பல ஆய்வுகளைத் திரட்டி 2010இல் ஜான் மாலூஃபும் குழுவினரும் கணக்கிட்டபோது, துணையின் பதற்றத்துக்கும் ஒருவரின் மனநிறைவுக்கும் உள்ள தொடர்பு 0.22 என்று வந்தது, எதிர்த்திசையில். பொறுப்புணர்வுக்கு 0.12, நேர்த்திசையில். பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு. இதை ஆள்கணக்கில் சொல்கிறேன். சராசரியைவிடப் பதற்றம் மிகுந்த துணையை உடைய 100 பேரை எடுத்தால், ஏறக்குறைய 57 பேர் மனநிறைவில் சராசரிக்குக் கீழே இருப்பார்கள். 43 பேர் மேலே இருப்பார்கள். பொறுப்புணர்வு மிக்க துணை வாய்த்த 100 பேரிலோ சுமார் 54 பேர் சராசரிக்கு மேலே இருப்பார்கள். ஆயிரம் குடும்பங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது ஐயமில்லாமல் தெரியும் ஒன்று, ஒரு குடும்பத்தைப் பார்க்கும்போது நாணயத்தைச் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேலானது. இதை வைத்து ஒரு வரனை வேண்டாம் என்று தள்ளுவது அநியாயம்.

குணப்பொருத்தம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இருவரும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது என்றோ, ஒருவர் முன்கோபி என்றால் மற்றவர் சாந்தமாக இருக்கவேண்டும் என்றோ பலரும் நம்புகிறோம். ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் பெரிய கணக்கெடுப்புகளை வைத்து 2010இல் வந்த ஆய்வில், மனநிறைவில் ஒருவருக்கொருவர் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 6 சதவீதத்தை அவரவர் சொந்தக் குணம் விளக்கியது. துணையின் குணம் விளக்கியது 1 முதல் 3 சதவீதம். இருவரின் குணமும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது அரை சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஒருவரின் மணவாழ்வு மகிழ்ச்சியில் துணையின் சுபாவத்தைவிட அவரது சுபாவமே பெரிய பங்கு வகிக்கிறது.

அந்த 6 சதவீதத்தையும் கவனமாகத்தான் படிக்கவேண்டும். குணத்தைப் பற்றிய படிவத்தையும் மனநிறைவுப் படிவத்தையும் ஒரே ஆள் நிரப்பும்போது, எதையும் குறையாகவே பார்க்கும் மனம் இரண்டு படிவங்களிலும் குறைவாகப் போட்டுவிடும். உண்மையைவிடத் தொடர்பு பெரிதாகத் தெரியும். கெல்லி மூன்றாம் மனிதர்களிடம் கேட்டதன் அருமை இங்கேதான் புரிகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அடிக்கும் கணவருடனோ ஏமாற்றும் துணையுடனோ வாழ்பவர் பதறுவது அவரது சுபாவம் அல்ல. நடப்பதற்கு ஏற்ற எதிர்வினை. ‘அவளுக்கு எப்போதும் சந்தேகம்தான்’ என்று எளிதாக முத்திரை குத்திவிடுவார்கள். பிரித்தறிய ஒரு வழி, காலத்தைப் பார்ப்பது. கல்யாணத்துக்கு முன்பும் நண்பர்களிடமும் வேலையிலும் இதே கவலை இருந்ததென்றால் அது குணம். இந்த உறவுக்குள் வந்தபின்தான், இந்த ஒருவரிடம் மட்டும்தான் என்றால், கேள்வி அந்த உறவைப் பற்றியது.

2020இல் சமந்தா ஜோயலும் பால் ஈஸ்ட்விக்கும் 43 ஆய்வுகளின் தகவல்களை, 11,196 ஜோடிகளுடையவற்றை, ஒன்றுசேர்த்து அலசினார்கள். தனிமனிதர்களின் குணமும் மனநிலையும் பின்னணியும் எல்லாம் சேர்ந்து, உறவில் உள்ள நிறைவின் வேறுபாட்டில் அதிகபட்சம் 21 சதவீதத்தை விளக்கின. துணை என்னிடம் உறுதியாக இருக்கிறார், என்னை மதிக்கிறார் என்பதுபோல உறவைப் பற்றியே ஒருவர் உணர்பவை 45 சதவீதம் வரை விளக்கின.

அந்தக் குணமும் கல்லில் எழுதியதல்ல. 2017இல் பிரெண்ட் ராபர்ட்ஸ் குழு, உளவியல் சிகிச்சை முதலானவற்றால் குணம் மாறுகிறதா என்று 207 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. எல்லாவற்றிலும் அதிகம் நகர்ந்தது பதற்றம்தான். சிகிச்சைக் காலம் சராசரியாக ஏறக்குறைய ஆறு மாதம். மாற்றம் சிகிச்சை முடிந்த பிறகும் நிலைத்தது. அந்தச் சிகிச்சைகளில் பெரிதும் கையாளப்படும் ஒரு பயிற்சி, ஒரு செயலுக்கு மனம் முதலில் கொடுக்கும் பொருளை எழுதிவைத்துவிட்டு, அதற்குப் பொருந்தக்கூடிய வேறு காரணங்களையும் பக்கத்திலேயே எழுதிப் பார்ப்பது. பொறுப்புணர்வு அந்த அளவுக்கு நகரவில்லை.