எண் மட்டும் வேறு

வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வருகிறது. மூக்கில் குழாயுடன் நான்கு வயதுக் குழந்தை, மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் கல்லீரல் மாற்று அறுவைக்கு எஸ்டிமேட், கீழே ஒரு ஜிபே எண். 'தெரிந்த எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று ஒரு வரி.

இந்த மாதிரி மோசடியில் குழந்தையும் நோயும் எப்போதும் பொய்யாக இருப்பதில்லை. எப்போதோ வந்த உண்மையான வேண்டுகோளை எடுத்து, பணம் போகும் எண்ணை மட்டும் மாற்றிவிடுவார்கள். அதனால் கடிதம் நிஜமா என்று துருவுவதைவிட, பணம் யாருக்குப் போகிறது என்று கேட்பதுதான் முக்கியம்.

முதலில் குழுவில் போட்டவரிடம் தனியாகக் கேளுங்கள்: "அண்ணா, இந்தக் குடும்பத்தை உங்களுக்கு நேரில் தெரியுமா?" பெரும்பாலும் "இல்லப்பா, வந்ததை அனுப்பினேன்" என்பார். எல்லோருமே முன்னால் அனுப்பியவர் விசாரித்திருப்பார் என்று நம்பியவர்கள்தான்.

அடுத்து, வேண்டுகோளில் இருக்கும் எண்ணுக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம். பாப்பாவைப் பற்றிப் படித்தேன், என்னால் ஆனதைத் தர நினைக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி, ஐபி நம்பர் என்ன என்று சொல்லுங்கள். பில் கவுன்டரில் பாப்பா பேரிலேயே கட்டிவிடுகிறேன். அங்கே பேசி விசாரிக்க உங்களுக்குச் சம்மதம்தானே? அவசரத்தில் இருப்பீர்கள், முடியும்போது பதில் போட்டால் போதும்."

ஐபி நம்பர் என்பது உள்நோயாளிக்குத் தரப்படும் எண், பில்லிலேயே இருக்கும். சம்மதம் கேட்பதும் வெறும் மரியாதைக்கு அல்ல. நோயாளியின் விவரத்தை யாரோ போனில் கேட்டதும் மருத்துவமனை சொல்லிவிடாது, சொல்லவும் கூடாது. ஆனால் "இந்த ஐபி நம்பருக்குப் பணம் கட்டலாமா?" என்று கேட்டால் பில்லிங் பிரிவோ மருத்துவ சமூகப் பணியாளரோ பெரும்பாலும் வழி சொல்வார்கள். அந்த போன் எண்ணை மருத்துவமனையின் இணையதளத்திலிருந்து எடுங்கள். கடிதத்தில் அச்சிட்ட எண்ணையும் மாற்றியிருக்கலாம்.

பதில் வரும் விதமும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். நிஜமான பெற்றோர் பலருக்கு மருத்துவமனைக்கே கட்டுகிறேன் என்றால் நிம்மதிதான். "அங்கே கட்டினால் லேட்டாகும், இந்த எண்ணுக்கே போடுங்கள்" என்று விரட்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் மட்டும் மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். ஐசியு வாசலில் உட்கார்ந்திருப்பவர் போனைப் பார்க்காமலும் இருக்கலாம்.

மருந்துக்கும் தங்குவதற்கும் கையில் பணம் வேண்டும் என்று கேட்பதும் நியாயமே. அப்படியானால் யுபிஐ பின் போடுவதற்கு முன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். அது தாய் தகப்பன் பெயராக இல்லையென்றால், "இது யாருடைய கணக்கு?" என்று கேட்கலாம். மாமாவின் கணக்காகவும் இருக்கும். மாமாவிடமே இரண்டு வார்த்தை பேசிவிட்டு அனுப்பலாம்.

ஏமாந்தது தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு உண்டு.