பழைய வண்டி வாங்கலாமா? – 4
தவணை முடிந்தது, கடன் நீங்கியதா?

சென்ற வாரம் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தோம். அதே ஆர்.சி.யில் பலர் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு: கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர். புழக்கத்தில் இதை எச்.பி. என்பார்கள். கடைசித் தவணையைக் கட்டிவிட்டால் இது தானாகப் போய்விடும் என்று நினைப்பவர்கள் அதிகம். நிறுவனம் தரும் என்.ஓ.சி.யோடு, நிறுவனமும் உரிமையாளரும் கையெழுத்திட்ட படிவம் 35-ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, பதிவிலிருந்து நீக்கவேண்டும்.

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒருவர், 2019 மாடல் ஸ்கூட்டர் ஒன்றை 40,000 ரூபாய்க்குப் பேசினார். "டியூ முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு சார்" என்றார் விற்பவர். என்.ஓ.சி.யும் கையில் இருந்தது. ஆனால் mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் அப்படியே நிற்கிறது. என்.ஓ.சி. பொதுவாக மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். புதிது கேட்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதே நிறுவனத்தில் தன் மைத்துனர் வாங்கிய கடனுக்கு விற்பவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதில் பாக்கி இருந்ததால் என்.ஓ.சி.யை நிறுத்திவைத்துவிட்டார்கள். வாங்குபவர் 2,000 ரூபாய் மட்டும் முன்பணமாகக் கொடுத்து ரசீது வாங்கியிருந்ததால் பதற்றமில்லாமல் காத்திருக்க முடிந்தது. முழுப் பணமும் கொடுத்திருந்தால், பெயர் மாற்ற முடியாத வண்டியை வைத்துக்கொண்டு யாருடைய கடனுக்காகவோ அலைந்திருப்பார்.

தவணை இன்னும் மிச்சம் இருக்கிறதா? வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. கடனை முடிக்க எவ்வளவு என்று நிறுவனத்திடமே எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையை விற்பவர் கையில் தராமல், கடன் கணக்கு எண்ணைச் சொல்லி நீங்களே கட்டுங்கள். ரசீது உங்களிடம் இருக்கட்டும். மீதிப் பணத்தில் பெரும்பகுதியை எச்.பி. நீங்கும்வரை நிறுத்திவையுங்கள்.

அதன்பின் பெயர் மாற்றம். படிவம் 29 விற்பவர் தரும் அறிவிப்பு; படிவம் 30 மாற்றத்துக்கான விண்ணப்பம், இதில் இருவர் கையெழுத்தும் வேண்டும். தேதியும் வாங்குபவர் பெயரும் எழுதாமல் வெறும் கையெழுத்தோடு இவை புரோக்கர்களிடம் கைமாறிக்கொண்டே இருக்கும். அப்படி வந்த வண்டியை நான் வாங்கமாட்டேன். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே நேரில் வந்து கையெழுத்திடட்டும். விற்பவர்களுக்கும் இதில் ஆபத்து உண்டு. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

விற்ற 14 நாளுக்குள் விற்பவரும், 30 நாளுக்குள் வாங்கியவரும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவேண்டும். இன்ஷூரன்ஸில் பெயர் மாற்றவும் வாங்கியவருக்கு 14 நாள்தான் அவகாசம்.